அடித்த வரிக்குக் கையெழுத்து

கல்லூரி முடிந்து விடுதிக்கு வந்தபோது அவளுடைய மெத்தை வராந்தாவில் கிடந்தது. சுருட்டக்கூட இல்லை, பாதியாக மடித்து சுவரோரம் சாய்த்திருந்தார்கள். தலையணை அதன் மேல் உட்கார்ந்திருந்தது. பதினான்காம் எண் அறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"திறங்கடி."

"கையெழுத்து வாங்கத்தானே வந்திருக்க? கடிதத்த கதவுக்கு அடியில தள்ளு," என்றாள் உள்ளேயிருந்து வக்கீல். சட்டம் படிக்கிறவள் இல்லை. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள் என்பதால் அந்தப் பெயர்.

வெளியே நின்றவளுக்கும் ஒரு பெயர் உண்டு, நோட்டு. ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கிறவள், சோப்பு வாங்கிய தேதியைக்கூட எழுதி வைப்பாள். மூன்று வாரமாக அரித்ததையும் எழுதித்தான் வைத்திருந்தாள்: விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, படுத்தால் அதிகம். அந்தத் தாளைத்தான் நேற்று அரசு மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் விரலிடுக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "சொறிப்பூச்சி. ரூம்ல எத்தன பேர்?" என்றார். நாலு பேர் என்றதும் மருந்துச் சீட்டில் நாலு டியூப் களிம்பு எழுதினார். ஒரே மின்விசிறிக்கு அடியில் நாலு கட்டிலையும் ஒட்டிப் போட்டுப் படுக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த விடுதியில் அறை மாற்றத்துக்கு ஒரு முறை உண்டு. கடிதத்தில் முதலில் அறைத்தோழிகள் மூவரும் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் வார்டன் அதைக் கையால் தொடுவார். காலையிலேயே அறையில் சொல்லிவிட்டு எழுதி வைத்திருந்த கடிதத்தை நோட்டு கதவுக்கு அடியில் தள்ளினாள்.

'மதிப்பிற்குரிய வார்டன் அவர்களுக்கு,

1. எனக்குச் சொறிப்பூச்சி பாதிப்பு இருப்பதாக மருத்துவர் கூறியுள்ளார். சீட்டு இணைப்பு.
2. சிகிச்சை முடியும்வரை, ஒரு வாரத்துக்கு, கீழ்த்தளத்து நோயாளர் அறையை எனக்குத் தனியாக ஒதுக்க வேண்டுகிறேன்.
3. என் அறைத்தோழிகள் மூவரும், அரிப்பு இல்லாவிட்டாலும், அதே நாளில் களிம்பு பூச வேண்டும் என்பது மருத்துவர் உத்தரவு. இல்லாவிட்டால் எனக்குத் திரும்ப வந்துவிடும்.
4. எங்கள் துணி, போர்வைகளை வெந்நீரில் துவைக்க அனுமதி வேண்டும்.'

ஐந்து நிமிடத்தில் கடிதம் திரும்பி வந்தது. மூன்று கையெழுத்து இருந்தது. மூன்றாவது வரியின் மேல் நீல மையால் இரண்டு கோடு.

"ஏன் அடிச்சீங்க?"

"சொறி உனக்கு. நாங்க எதுக்குப் பூசிக்கணும்?" என்றாள் பெரியக்கா. அறையில் மூத்தவள் அவள். "நாங்களும் பூசினா ஊரெல்லாம் பதினாலாம் நம்பர் சொறி ரூம்னுதான் பேசும். போய் உன் தனி ரூம்ல சொறிஞ்சுக்கோ."

உள்ளே யாரோ சிரித்தார்கள். எப்போதும் தூங்கி வழியும் மூன்றாமவளாக இருக்க வேண்டும். தூங்குமூஞ்சி சிரிப்பதற்கு மட்டும் நேரத்துக்கு விழித்துவிடுவாள்.

பெரியக்கா விடுமுறை முடிந்து வந்ததிலிருந்தே இடுப்பைச் சொறிகிறாள், வேர்க்குரு என்று சொல்லிக்கொண்டு. நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தேதியும் இருந்தது. கதவோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நோட்டு கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடியிறங்கினாள்.

வார்டன் அம்மாள் மேஜை மேல் காகிதத்தை வைக்கச் சொன்னார். அளவுகோலின் நுனியால் தள்ளித் தள்ளி வாசித்தார்.

"காகிதத்துல ஒட்டாது மேடம்," என்றாள் நோட்டு.

"நீ டாக்டரா?"

"இல்ல மேடம்."

"அப்ப வாய மூடு. நோயாளர் ரூம் காலியா இல்ல."

காலியாக இல்லைதான். வார்டனின் மகள் வீடு மாற்றியபோது அங்கே ஒரு சோபாவும் இரண்டு பீரோவும் வந்து இறங்கியது விடுதிக்கே தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சோபாவின் முதுகு தெரியும்.

"பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போ. சரியானதும் வா."

"ஒம்பது நாள்ல செய்முறைத் தேர்வு மேடம். விட்டா அடுத்த வருஷம்தான். வீட்டுல அக்காவுக்குக் குழந்த பிறந்து பத்து நாள்தான் ஆச்சு. இந்த உடம்போட எப்படிப் போவேன்?"

"அத என்னக் கேட்டா? நானா வரவெச்சேன்?" வார்டனின் அளவுகோல் மூன்றாவது வரியில் நின்றது. "இது என்ன அடித்தல்?"

"நான் அடிக்கல மேடம்."

வார்டனின் முகம் மாறியது. இருபத்திரண்டு வருஷமாக அந்த மேஜையில் அவர் எதை மன்னித்தாலும் இதை மன்னித்ததில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் அடித்த கை பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பால் கணக்கிலிருந்து வருகைப் பதிவேடுவரை அதுதான் சட்டம். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி, கையெழுத்தில்லாத ஒரு அடித்தலுக்காக அவரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்.

"பதினாலாம் நம்பர்காரிங்கள வரச் சொல்லு."

மூவரும் வந்து வரிசையாக நின்றார்கள். பெரியக்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"யாரு அடிச்சது?"

வக்கீல் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"டாக்டர் உத்தரவுன்னு எழுதியிருக்கு. சீட்டும் இருக்கு. அத அடிச்சவ இங்க கையெழுத்து போடட்டும். போட்டுட்டா, நாளைக்கு இந்த மாடி முழுக்கச் சொறிஞ்சா யாரக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியும்." பேனாவை மேஜை மேல் உருட்டிவிட்டார்.

பேனா உருண்டு பெரியக்காவின் முன்னால் நின்றது. அவள் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் தூங்குமூஞ்சியைப் பார்த்தாள். தூங்குமூஞ்சி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எடு."

"எல்லாருமா சேர்ந்துதான் மேடம்..." என்று பெரியக்கா இழுத்தாள்.

"சேர்ந்து போடுங்க. எனக்கு மூணு கையெழுத்தும் சந்தோஷம்."

ஒருத்தியும் தொடவில்லை. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வார்டன் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கடிதத்தின் ஓரத்தில் எழுதினார்: 'கையெழுத்து இல்லாத அடித்தல் செல்லாது. மூன்றாம் வரி செல்லும்.' கீழே முத்திரை குத்தினார்.

"அப்ப நாலு பேரும் மருந்து பூசறீங்க, இன்னைக்கே. நாலு பேருக்கும் மருந்துன்னா தனி ரூம் எதுக்கு? உங்க ரூமே தனி ரூம்தான். நாளைக்குக் குளிக்கிறவரைக்கும் வேற ரூமுக்கு ஒருத்தியும் போகக்கூடாது. போர்வையெல்லாம் காலையில சமையல்கட்டு அண்டாவுல வெந்நீர். மெத்தைய யாரு வெளிய போட்டீங்களோ அவங்களே உள்ள எடுத்து வைங்க."

சோபா பிழைத்தது. நோட்டுவும் பிழைத்தாள், கேட்ட அறை கிடைக்காமலே.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் அறைக்கதவு தாழிடப்பட்டது. மெத்தையைத் தூங்குமூஞ்சி இழுத்து வந்து கட்டிலில் எறிந்தாள். நோட்டு நாலு டியூபையும் வரிசையாக வைத்தாள்.

"நகத்த ஒட்ட வெட்டிக்கோங்க. கழுத்துலேர்ந்து உள்ளங்கால்வரைக்கும். விரலிடுக்கு, நகத்துக்கு அடி, தொப்புள், எதையும் விடக்கூடாது. காலையிலதான் குளிக்கணும். கை கழுவினா திரும்பப் பூசணும். ஏழு நாள் கழிச்சு இன்னொரு தடவ."

"பிரசங்கம் பண்ணாத," என்றாள் வக்கீல். "காலையில அரிப்பு நிக்கலேன்னா உன்னச் சும்மா விடமாட்டேன்."

"நிக்காது. பூச்சி செத்தாலும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இருக்கும். டாக்டர் சொன்னாரு."

"நல்லா இருக்கு உன் டாக்டர் கத."

களிம்பு பூசுவதில் ஒரு சங்கடம், சொந்த முதுகுக்குக் கை எட்டாது. வக்கீலும் தூங்குமூஞ்சியும் ஒருத்திக்கொருத்தி பூசிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது பெரியக்காவும் நோட்டுவும். பெரியக்கா நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். பிறகு எழுந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, துப்பட்டாவை அவிழ்த்துச் சட்டையைத் தூக்கினாள்.

"சீக்கிரம் தடவு."

இடுப்பைச் சுற்றி, நாடா கட்டும் இடத்தில், பட்டையாகப் பொருக்கு. பழையது கறுத்து உதிர்ந்திருந்தது, அதன் மேல் புதியது. நோட்டுவின் உடம்பில் இருந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அவள் களிம்பைப் பிதுக்கினாள்.

"விடுமுறையிலேர்ந்தா?"

"வாய மூடிட்டுத் தடவு."

தடவினாள். தோளிலிருந்து கீழே, ஒரு விரலளவு இடம்கூட விடாமல். எரிந்திருக்க வேண்டும், பெரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முடித்ததும் நோட்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தன் சட்டையைத் தூக்கினாள். காத்திருந்தாள். பின்னால் டியூப் மூடி திறக்கிற சத்தம் வரவில்லை.

"உங்க முறை, பெரியக்கா. பூசாம விட்டா எனக்கு நிக்காது. எனக்கு நிக்கலேன்னா உங்களுக்கும் நிக்காது."

கொஞ்ச நேரம் கழித்து மூடி திறந்தது. குளிர்ந்த களிம்பு அவள் முதுகின் நடுவில் விழுந்தது. பெரியக்காவின் கை அதை அழுத்தித் தேய்த்தது, தோலை உரிப்பதுபோல.