கட்டாயமும் விருப்பமும்

அடுத்தவர் எழுதிய கணினி நிரலில் பிழை பிடிப்பதென்றால் சிலருக்குத் தேன் குடித்த மாதிரி. ரிப்காவுக்கு அந்தச் சுவை ஒருநாளும் பிடிபடவில்லை. கொழும்பில் வேலை பழகிய காலத்தில் அவளுடைய நிரலுக்குக் கீழே "இதென்ன குப்பை?" என்று ஒருவன் எழுதிப் போட்டான். எது குப்பை, ஏன் குப்பை என்பதை அந்த மகராசன் சொல்லவேயில்லை.

இப்போது லிங்கநகரில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கும், கொழும்புக் கம்பனியொன்றின் சின்னக் கிளையில், புதிதாய்ச் சேர்ந்தவர்களின் நிரலைப் பார்த்து அனுமதிப்பது அவள் பொறுப்பு. ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் "கட்டாயம்" அல்லது "விருப்பம்" என்று போடுவாள். கட்டாயத்தைத் திருத்தாமல் இணைக்க விடமாட்டாள். விருப்பத்தை விட்டாலும் ஒரு சொல் கேட்கமாட்டாள். இரண்டுக்கும் காரணம் எழுதுவாள்.

ஜெயரூபி ஈச்சிலம்பற்றுக் கிராமத்துப் பிள்ளை. பக்கத்து ஒழுங்கையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால் தம்பியையும் கூட்டி வந்து டவுனில் படிக்கவைப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தவள். பயணிகள் படகுக்கு இருக்கை பதியும் பகுதியை அவள்தான் எழுதினாள். ரிப்கா அதற்குக் கீழே எழுதினாள்:

"கட்டாயம்: இருக்கை காலியா என்று பார்ப்பதும் அதைப் பதிவதும் இங்கே தனித்தனியாக நடக்கின்றன. கடைசி இருக்கையை இருவர் ஒரே நேரத்தில் கேட்டால் இருவருக்கும் சீட்டுப் போய்விடும். ஒருவர் இறங்குதுறையில் நின்றுவிடுவார். இரண்டும் ஒருசேர நடக்கும்படி ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்து, ஒரே இருக்கை இரண்டு தரம் பதியாதபடி தரவுத்தளத்திலும் தடை போடுங்கள்."

"விருப்பம்: இந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்தால் பிறகு வாசிப்பவருக்கு லேசு. இப்படியே விட்டாலும் சரியாகத்தான் ஓடும்."

கடைசியில், "பயணம் இரத்தாகும் இடத்துக்கும் சோதனை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தோன்றியிராது. மிக நன்று" என்றும் எழுதினாள்.

"விருப்பமானதுகளை வாயால சொல்லட்டோ?" என்று ரிப்கா ஒருநாள் ஜெயரூபியிடம் கேட்டாள்.

"வேண்டாமக்கா, எழுதி விடுங்கோ. எழுத்தில கிடந்தாத்தான் திருப்பித் திருப்பிப் படிப்பன்."

அப்படியே எழுதினாள். ஜெயரூபியின் கை நாளுக்கு நாள் தேறியது. கட்டாயங்கள் குறைந்தன. கற்கிற பிள்ளைக்கு அள்ளிக் கொடுக்கலாமென்று ரிப்கா விருப்பங்களைக் கூட்டினாள். பக்கத்து மேசை இன்பாஸும் ஜெயரூபியோடு வேலைக்குச் சேர்ந்தவன்தான். அவன் நிரலை மட்டும் அவனுடைய கூட்டாளி பார்ப்பான். பார்ப்பான் என்பது சும்மா பேச்சுக்கு; ஒரு சொல்லும் எழுதாமல் அனுமதியை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவான்.

மாசக் கடைசியில் முகாமையாளர் இரத்தினசிங்கம் ரிப்காவைக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆள் குறைக்கச் சொல்லி கொழும்பு நிக்குது. ஜெயரூபியை நிப்பாட்டிறம். ஆருக்கு எத்தினை குறிப்பு வந்ததெண்டு மெசினில எண்ணிப் பாத்திருக்கிறாங்கள். அவவுக்குத்தான் ஆகக்கூட. இன்பாஸுக்கு ஒண்டுமில்லை."

ரிப்கா மடிக்கணினியைத் திறந்தாள். "சேர், அதில முக்கால்வாசி விருப்பம். பிழையே இல்லை. நான் அவவுக்குப் பழக்கினது. வாசிச்சுப் பாருங்கோ." மடிக்கணினியைத் திருப்பிப் பிடித்தாள்.

அவர் பொறுமையாகவே வாசித்தார். அதுதான் இன்னும் கொடுமை. "ஓம், விளங்குது. அவங்கட மெசினுக்கு உது விளங்காது பிள்ளை. குறிப்பெண்டா குறிப்புத்தான். நான் நேற்றே கதைச்சுப் பாத்திட்டன். ஏலாதாம். கடிதமும் போயிட்டுது."

வேலைமெனக்கெட்டுக் காரணம் தேடித் தேடி எழுதிய தன் விரல்களின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. இன்பாஸின் கூட்டாளி ஒன்றுமே செய்யாமல் ஒருவனைக் காப்பாற்றிவிட்டான்.

கடைசி நாள் பின்னேரம் ஜெயரூபி மேசையைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள். "அண்டைக்கு விருப்பமெண்டு போட்டீங்களே, அதைப் பிரிச்சு எழுதிட்டன். ஒருக்கா பாருங்கோ அக்கா."

ரிப்கா பார்த்தாள். தானே எழுதியிருந்தாலும் இவ்வளவு துப்புரவாக வந்திராது. எழுதப் போன விரல் நின்றது. வெறுமனே அனுமதியை அழுத்தினாள்.

"ஒண்டும் எழுதேல்லையோ? அவ்வளவு மோசமோ?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களில பிழையில்லை ஜெயரூபி. நான் எழுதினதைத்தான் எண்ணினவங்கள்."

"நல்லா இருக்கெண்டு எழுதினீங்களே. அதையுமோ?"

"ஓம். அதையும்."

ஜெயரூபி கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "இனி எண்ணினா என்னக்கா, எழுதுங்கோவன். ஊருக்குப் போய் வாசிப்பன்" என்றாள்.

ரிப்கா எழுதினாள். ஜெயரூபி எதைப் பிரித்தாள், அதனால் நாளை வாசிப்பவருக்கு என்ன லேசு, ஏன் அது நல்ல வேலை என்று காரணத்தோடு எழுதினாள். தலையில் கட்டாயமும் போடவில்லை, விருப்பமும் போடவில்லை. அனுப்பினாள்.

ஜெயரூபி ஆசையோடு தன் கைப்பேசியைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. போட்டாள். திரும்பவும் கேட்டது. அவள் கணக்கைக் கொழும்பில் மூடிவிட்டார்கள்.

"நீங்களே வாசிச்சுக் காட்டுங்கோ அக்கா. ஊருக்குப் போற பஸ்ஸுக்கு நேரமாகுது."

ரிப்கா திரையைப் பார்த்து வாயைத் திறந்தாள். கண் கலங்கி எழுத்துகள் மங்க, முதல் வரியைக்கூட அவளால் வாசிக்க முடியவில்லை.