எழுதி முடித்த அறிமுகம்

கூட்டம் பத்தரைக்கு. பத்து இருபத்திரண்டுக்கே அவள் வந்துவிட்டாள்.

சிவில் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஒன்பது நாள். ஆசிரியர் கூட்டம் இதுதான் முதல். அறையில் ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி. எது யாருடையது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு முறை எழுப்பிவிடப்பட்ட பிறகு விளங்கியது. கதவோர நாற்காலிக்கு மட்டும் உரிமையாளர் இல்லை.

கையில் ஓர் அட்டை. இரண்டு நிமிட அறிமுகம். முதலில் எழுதியது நான்கு நிமிடம் ஓடியது. பதினோரு கட்டுரை, இரண்டு பரிசு, வழிகாட்டியின் பெருமை. அக்காவிடம் போனில் படித்துக் காட்டினாள்.

"இது அறிமுகமாடி, வக்கீல் நோட்டீசா?" என்றாள் அக்கா.

வெட்டினாள். ஐந்து விஷயம் மிஞ்சியது. எங்கே படித்தாள். எதை ஆராய்ந்தாள், ஒரே வரியில். என்ன பாடம் நடத்த முடியும். இங்கே இருப்பவர்களின் வேலையோடு தன் வேலை எங்கே சேரும். தனக்கு என்ன வேண்டும். நான்காவதை எழுத மூன்று சாயங்காலம் மூத்தவர்களின் பழைய கட்டுரைகளை நூலகத்தில் தோண்டிப் படித்தாள்.

இந்த வேலைக்கு அவள் விண்ணப்பித்ததே ஒரு பாடத்துக்காக. நிலத்தடி நீர். இறுதியாண்டு விருப்பப் பாடம். நடத்தியவர் ஓய்வு பெற்றதால் நான்கு வருடமாக அது பாடப் பட்டியலில் இல்லை. இந்த வருடப் பட்டியல் இன்று ஐந்து மணிக்குத் தேர்வுப் பிரிவுக்குப் போகிறது. கூட்டக் குறிப்பில் ஏறிய பாடம்தான் அதில் சேரும். இன்று விட்டால் அடுத்த வருடம்தான்.

அட்டையின் அடியில் பென்சிலில் ஆறாவதாக ஒரு வரி. அது அவளுடையது அல்ல. நேற்று வராந்தாவில் டைம்டேபிள் சார் சொன்னது. ஐந்து வருடமாகத் துறையின் கால அட்டவணையை அவர்தான் போடுகிறார். சொந்தப் பெயரை மாணவர்களும் மறந்துவிட்டார்கள்.

"கடைசியா ஒண்ணு சேத்துக்கோங்க மேடம். 'எந்த வேலை குடுத்தாலும் சந்தோஷமா செய்றேன்'னு. சீனியர்ஸ் உருகிடுவாங்க."

கூட்டம் தொடங்கியது. முதல் பொருள், போன கூட்டத்தின் குறிப்புக்கு ஒப்புதல். எல்லாரும் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டாவது, மாணவர் வருகைக் குறைவு. அவள் பக்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் மூத்த இணைப் பேராசிரியர். எல்லாரும் மினிட்ஸ் மேடம் என்பார்கள். அவர் நோட்டுக்கு அடியில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. ஃபேன் காற்றில் அதன் ஓரம் எழுந்தபோது எழுத்து கண்ணில் பட்டது.

பொருள் 3: புதிய உறுப்பினர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கான்கிரீட்டில் தமக்குள்ள ஈடுபாட்டைக் கூறினார். எப்பணி வழங்கினும் மகிழ்வுடன் ஏற்பதாகத் தெரிவித்தார்.

பொருள் 4: அவர் விருப்பப்படியே கால அட்டவணைப் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது.

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"மேடம், இது இன்னிக்குக் கூட்டத்துக்கா?" மெதுவாகக் கேட்டாள்.

"ஃபார்மேட்தாம்மா. எப்பவும் இதானே. நீ பேசு, நல்லா பேசு."

துறைத் தலைவர் நிமிர்ந்தார். "அடுத்தது நம்ம புது மேடம். ரெண்டு நிமிஷம். பயப்படாதீங்க, நாங்க யாரும் கடிக்க மாட்டோம்."

"நான் பல்செட்டையே கழட்டி வச்சுட்டேன்" என்றார் கான்கிரீட் பேராசிரியர். இருப்பவர்களில் மூத்தவர். சிரித்தார்கள்.

அவள் எழுந்தாள். பென்சில் வரியைக் கட்டை விரலால் தேய்த்தாள். கறுப்பாகப் பரவி மறைந்தது.

எங்கே படித்தாள் என்று இரண்டு வாக்கியம். பிறகு:

"ஒரு ஊர்ல எத்தனை போர்வெல் போட்டா பக்கத்துக் கிணறு வத்தும்னு முன்னாடியே கணக்குப் போட முடியுமா? இதுதான் என் ஆராய்ச்சி. முடியும். எங்கெல்லாம் முடியாதுன்னும் கத்துக்கிட்டேன்."

ஒருவர் பேனாவைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

"கான்கிரீட் சார், அஸ்திவாரத்துல உப்புத் தண்ணி ஏறறதப் பத்திப் பன்னெண்டு வருஷம் முன்னாடி எழுதியிருக்கீங்க. தண்ணி மட்டம் வருஷம் முழுக்க ஒண்ணுன்னு வச்சுக்கிட்டீங்க. அது மாறும் சார். என்கிட்ட அளவு இருக்கு. சேர்ந்து பாக்கலாம்."

அவர் கையிலிருந்த பிஸ்கட்டை வைத்தார். "அதையெல்லாம் யாரும்மா படிச்சா?"

"நான் படிச்சேன் சார். நான் நடத்தக்கூடியது மூணு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஹைட்ராலஜி, நாலு வருஷமா நடக்காம இருக்கிற நிலத்தடி நீர். பாடத்திட்டம் தயாரா இருக்கு, எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்திருக்கேன். எனக்கு வேண்டியது வாரத்துல ஒரு மதியம் லேப். நன்றி."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் துறைத் தலைவர். இன்னும் ஒரு வரி வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார். "அப்புறம், எந்த வேலை குடுத்தாலும்..."

"செய்ய மாட்டேன் சார்."

அவளே தொடர்ந்தாள்.

"துறை வேலையில என் பங்கு செய்வேன். என்ன வேலை, எத்தனை மணி நேரம்னு கேட்டுட்டு ஒத்துக்குவேன். டைம்டேபிளை எல்லாரும் முறை வச்சுப் போட்டா, என் முறைக்கு நான் போடறேன்."

"அது பழக்கமில்லையே மேடம். புதுசா வர்றவங்கதான் அதை..." என்று இழுத்தார் துறைத் தலைவர்.

"பழக்கம்னு தெரியும் சார். நான் பேசறதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருக்காங்க."

அச்சுத் தாளின் ஓரத்தில் விரலை வைத்தாள். மினிட்ஸ் மேடத்தின் உள்ளங்கை அதன்மேல் விழுந்தது.

"குடுங்க மேடம், பாப்போம்." கான்கிரீட் பேராசிரியர் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, உரக்கப் படித்தார். பாதியில் நின்றார். "கான்கிரீட்ல ஈடுபாடா? தண்ணி தண்ணின்னு இவ்வளவு நேரம் பேசுச்சே இந்தப் பொண்ணு? யோவ், இது அஞ்சு வருஷம் முன்னாடி நீ சொன்னதுல்ல?"

எல்லாரும் டைம்டேபிள் சாரைப் பார்த்தார்கள். அவர் மேசையைப் பார்த்தார்.

"நானும் அதைச் சொல்லல சார்."

"பின்ன?"

"விரிசல் விட்ட கான்கிரீட் தானா மூடிக்கிற வேலைன்னு சொன்னேன். லேப்ல ஒரு மேசை கேட்டேன். எந்த வேலைன்னாலும் செய்றேன்னு நான் சொல்லவே இல்ல. மினிட்ஸ்ல பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"புதுசு சார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நேத்து உங்ககிட்ட சொன்னது, நான் தப்பிக்கத்தான் மேடம்."

"இப்பத்தான் புரிஞ்சுது சார்" என்றாள். அவளுக்கு முகம் சுட்டது. அவரை மன்னிக்க அப்போது நேரமில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இதை வளத்த வேண்டாம். அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம். இப்போதைக்கு இருக்கிறதே இருக்கட்டும்."

"அடுத்த கூட்டத்துல இதுக்கு ஒப்புதல்தான் குடுப்பீங்க சார். படிக்காம."

கான்கிரீட் பேராசிரியர் இருமினாரா சிரித்தாரா, தெரியவில்லை. தாளை மேசைமேல் தள்ளிவிட்டார். அது வழுக்கி அவள் முன்னால் வந்து நின்றது.

அவள் பேனாவைத் திறந்தாள். மூன்றாவது பொருளின்மேல் ஒரு கோடு. நான்காவதின்மேல் ஒரு கோடு. தன் அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். கட்டை விரல் கறுப்பு அதன் அடியில் அப்படியே இருந்தது. இரண்டையும் மினிட்ஸ் மேடத்தின் நோட்டுமேல் நகர்த்தினாள். அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"நான் சொன்னது இந்த அட்டையில இருக்கு. லிஸ்ட் அஞ்சு மணிக்குப் போகணும். நீங்க எழுதறீங்களா மேடம், நானே எழுதட்டுமா?"