ஆடியில் அனுப்பிய நோட்டீஸ்

நோட்டீஸ் அனுப்புவதில் மில் முதலாளி அழகுராஜாவுக்கு அப்படி ஒரு ருசி. கேண்டீன்காரருக்கு ஒன்று, மில்லுக்குக் கூரை போட்டவருக்கு ஒன்று, கழிவுப் பஞ்சு எடுப்பவருக்கு ஒன்று. அனுப்பிவிட்டு மறுநாளே அவர்கள் தோளில் கைபோட்டு டீ குடிப்பார். நகலை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுவார். கையில் ஒன்று இருந்தால் வேண்டிய அன்றைக்கு எடுத்து வீசலாம் என்பது அவர் கொள்கை. இதைக் கண்டுபிடித்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொள்வார். ராஜபாளையத்தில் வேறு யாரும் மெச்சியதாகத் தெரியவில்லை.

பெலிக்ஸுக்கும் ஆடி மாதம் ஒன்று போயிற்று. சுற்றுக் கிராமங்களிலிருந்து மில்லுக்குப் பெண்களை ஏற்றி வரும் வேன்கள் பெலிக்ஸுடையவை. மூன்று வருட ஒப்பந்தம். காலை ஷிப்ட் தொடங்கும் முன் ஆள் இறங்கியாக வேண்டும். அடிக்கடி தாமதமானால் நோட்டீஸ், திருத்திக்கொள்ளப் பதினைந்து நாள், அப்படியும் திருந்தாவிட்டால் ரத்து. பெலிக்ஸின் வண்டிகள் தாமதமாகத்தான் வந்தன, அதில் பொய்யில்லை. நோட்டீசுக்குப் பிறகும் அப்படித்தான் வந்தன. கெடு முடிந்தது. அப்போதே ரத்து செய்திருந்தால் பெலிக்ஸ் வாயைத் திறந்திருக்க முடியாது.

ஆனால் வேன் நின்றால் மெஷின் நிற்கும். ஆர்டரோ தலைக்கு மேல் கிடந்தது. ஆகவே வேன்கள் வந்தன, கேட் திறந்தது, பில் தொகை பிடித்தமில்லாமல் போனது. ஆயுத பூஜைக்கு அந்த வேன்களையே மில்லுக்குள் வரிசையாக நிறுத்திச் சந்தனம் பூசிப் பூசணிக்காய் உடைத்து, பெலிக்ஸுக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார் முதலாளி. தை மாதம் சோழபுரத்துக்கு இன்னொரு வண்டி போடச் சொன்னார். பெலிக்ஸ் கடன் வாங்கிப் போட்டார்.

பங்குனியில்தான் அழகுராஜாவுக்கு அந்த நோட்டீசின் ஞாபகம் வந்தது. வரவழைத்தவன் மச்சினன் ராம்கி. அதுவரை அவன் என்ன தொழில் பார்த்தான் என்று கேட்டால் அவன் அக்காவே சுவரைப் பார்ப்பாள். "பாவா, வேன் தொழில்ல நல்ல காசாமே" என்று ஒருநாள் சொன்னான். பாவா உருகிப்போனார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுப் புது வேன்கள் வாங்கிக் கொடுத்தார். சித்திரையிலிருந்து ராம்கி வண்டிதான் ஓடும் என்று மாமனார் வீட்டுக் கூடத்தில் எல்லார் முன்னும் வாக்கும் கொடுத்தார். ஓடாவிட்டால் தவணை அவர் தலையில் விழும். அதைவிட, அந்தக் கூடமே சிரிக்கும்.

நகலை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். வக்கீல் மகாலட்சுமி நோட்டீசைப் படித்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். முதலாளி மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை. பூஜை, வேட்டி, சோழபுரம் வண்டி, எல்லாவற்றையும் தன் தாராள மனசுக்குச் சான்றாக அடுக்கினார்.

"நோட்டீஸ் ஒண்ணும் ஊறுகாய் இல்ல சார், ஜாடியில போட்டு வச்சு வேணுங்கறப்ப எடுக்கிறதுக்கு" என்றார் மகாலட்சுமி. "ரத்து பண்ற உரிமை உங்க கையில இருந்துச்சு. தெரிஞ்சே வேலையைத் தொடர விட்டீங்க, கூட வேலையும் குடுத்தீங்க. தாமதத்தை மொதலாளி பொறுத்துக்கிட்டாகன்னுதான அந்த ஆள் நம்புவாரு?"

அழகுராஜா ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினார். சலுகை காட்டினாலும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று அங்கே ஒரு வரி இருந்தது. உலகத்திலேயே தான் ஒருவர்தான் அந்த வரியைப் படித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

அந்த வரி உதவும், ஆனால் ஓரளவுக்குத்தான் என்றார் வக்கீல். சும்மா இருந்ததற்கு அது பதில் சொல்லும். வலியப் போய் இன்னொரு வண்டி கேட்டதற்கு அது பதில் சொல்லுமா என்பது சந்தேகம். அதற்கு வழியும் சொன்னார். பழைய நோட்டீசை மறந்துவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்ப வேண்டும். இதுவரை பொறுத்தது போதும், இன்ன தேதியிலிருந்து நேரம் கறார் என்று எழுதிச் சரிசெய்யப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் தாமதமானால் உடனே ரத்து செய்ய வேண்டும். நடுவில் கொஞ்சக் கூடாது.

"அதுக்குள்ள எம்புட்டு நாளாகும்? சித்திரை பொறந்துரும்" என்று எழுந்துவிட்டார் முதலாளி. இந்தம்மாவுக்கு நெஞ்சில் துணிச்சல் இல்லை என்று காரில் ஏறும்போது டிரைவரிடம் சொன்னார். ஆபீசில் தானே ரத்துக் கடிதம் தட்டச்சு செய்ய வைத்தார். காரணம், ஆடி மாத நோட்டீஸ். மறுநாள் காலை பெலிக்ஸின் வேன்கள் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றன. ராம்கி புதுச் சட்டையோடு உள்ளே நின்றான்.

பெலிக்ஸ் சண்டைக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்குத் தன் லாபத்தைக் கேட்டு வக்கீல் வைத்தார். இப்படிப்பட்ட வியாபார வழக்குகளில் கோர்ட் ஏறும் முன் சமரசம் பேசிப் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு தரப்பும் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்தில் ஓர் அறையில் உட்கார்ந்தன. வேறு வழியில்லாமல் மகாலட்சுமியையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார் அழகுராஜா. வேன்கள் தாமதமாக வந்த நாட்களை, ஒருநாள் விடாமல், சமரசம் செய்ய வந்தவரிடம் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே தன் மேல் இரக்கம் சுரந்தது. இம்புட்டையும் பொறுத்திருக்கிறோமே என்று உருகினார். அந்தப் பொறுத்ததுதான் தன் வினை என்று அப்போதும் உறைக்கவில்லை.

"லேட்டா வந்தது நெசந்தான் மொதலாளி" என்றார் பெலிக்ஸ். பிறகு போனை மேஜையில் வைத்து அமுக்கினார். தை மாதம் அழகுராஜா அனுப்பிய குரல் செய்தி. அறை முழுக்க அவர் குரலே கேட்டது.

"பெலிக்ஸு, பத்து நிமிசம் முன்னப்பின்ன ஆனாலும் பரவாயில்லப்பா, புள்ளைக வந்து சேந்தாப் போதும். சோழபுரத்துக்கு ஒரு வண்டி கூடப் போடு. அந்த நோட்டீசை மனசுல வச்சுக்கிடாத. அது சும்மா ஆபீஸ் வழக்கம்."

எவ்வளவு அன்பான குரல் என்று சமரசக்காரர் நினைத்திருக்கலாம். அழகுராஜாவைத் தனியே அழைத்துப் போய் மகாலட்சுமி சொன்னது சுருக்கம்தான். கோர்ட்டுக்குப் போனால் தோற்றே தீருவோம் என்று சொல்லவில்லை. தாமதம் உண்மை, அந்த வரியும் இருக்கிறது. ஆனால் தாமதத்தால்தான் ரத்து செய்தோம் என்று சொல்லும் ஆளை, இந்தக் குரலைக் கேட்ட பிறகு நம்புவது கஷ்டம். வழக்கு இழுக்கும், தொகை ஏறும், மச்சினன் கதையும் கூண்டில் ஏறும்.

மச்சினன் என்ற சொல்லில் அழகுராஜா விழுந்தார். பேரம் பேசிப் பாதிக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வீட்டில் போய், வேண்டுமென்றே பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்ததாகச் சொன்னார். அதையும் நம்ப வீட்டில் ஆள் இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ராம்கியின் வேன்கள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தன. அதற்கடுத்த வாரம் இரண்டு நாள் ஒரு வண்டி வரவே இல்லை. ஸ்பின்னிங் பகுதியில் பாதி மெஷின் சும்மா நின்றது. அழகுராஜா கொதித்துப்போய் மில் வாசலில் நின்றபடியே மகாலட்சுமிக்குப் போன் போட்டார். ராம்கியோடும் அதே ஒப்பந்தம்தான், உடனே ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார்.

"தாராளமா அனுப்பிரலாம் சார்" என்றார் அவர். "பதினஞ்சு நாள்ல திருந்தலைன்னா, பதினாறாம் நாள் அவரு வண்டியை உள்ள விடமாட்டீங்கல்ல?"

மாமனார் வீட்டுக் கூடம் முழுசாக வந்து அழகுராஜாவின் கண் முன்னால் நின்றது. அதற்குள் ராம்கியின் வேன் வந்து கேட்டை முட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. திறக்கவா என்று வாட்ச்மேன் தங்கச்சாமி அவர் முகத்தைப் பார்த்தார்.

போனை அணைத்துவிட்டு, "தொறந்து விடு" என்றார் முதலாளி.