விண்ணப்பக் கடிதத்தில் பதினேழாம் தூண்

சிவில் இன்ஜினியரிங் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த தங்கை, வேலைக்காக எழுதிய விண்ணப்பக் கடிதத்தை அக்காவிடம் நீட்டினாள். அக்காவுக்கு ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை. இரண்டு வரி படித்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“‘கடின உழைப்பாளி, ஆர்வம் மிக்கவள்.’ தினம் எண்பது கடிதம் படிக்கிறேன்டி. எண்பது பேரும் கடின உழைப்பாளிதான்.”

“வேலையே பார்த்ததில்ல. வேற என்னத்த எழுத?”

“செஞ்சத எழுது. என்ன செஞ்ச, எப்படிச் செஞ்ச, கடைசில என்ன ஆச்சு. ப்ராஜெக்ட் ஒரு பத்தி, இன்டர்ன்ஷிப் ஒரு பத்தி. அவங்க கேக்கற வேலைக்கு அது எப்படி உதவும்னு சொல்லு. ஒரு பக்கம் தாண்டாத.”

ப்ராஜெக்ட் பத்தி சுலபமாக வந்தது. ஜல்லிக்குப் பதில் பழைய கான்கிரீட் உடைசலைக் கலந்து முப்பத்தாறு கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டாம் நாள் நசுக்கி வலுவைச் சோதித்த கதை. அடுத்து, கட்டட ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஆறு வாரம். குறிப்பேட்டைப் பார்த்து எழுதினாள்:

‘ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் நாற்பது தூண்களின் விரிசல்களை வாரந்தோறும் அளந்தேன். பதினேழாம் தூணில் 0.3 மில்லிமீட்டர் விரிசல் ஐந்தே வாரத்தில் 1.1 ஆனதைக் கண்டு மேற்பார்வையாளரிடம் அறிக்கை கொடுத்தேன்.’

“கட்டடத்தோட பேரைப் போடாம விட்டது நல்லது,” என்றாள் அக்கா. “அறிக்கைக்கு அப்புறம் என்ன ஆச்சு? படிக்கறவங்க அதத்தான் கேப்பாங்க.”

தங்கைக்குத் தெரியவில்லை. அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், அந்தப் பதினேழாம் தூணைச் சரி பண்ணிட்டாங்களா? விண்ணப்பத்துல எழுதணும்.”



“நம்பரெல்லாம் எதுக்கும்மா? ‘ஆய்வில் உதவினேன்’னு போடு. நானே நல்ல சான்று தர்றேன்.” வைத்துவிட்டார்.

“கேக்காமலே சான்று தர்றாராம்,” என்ற அக்கா சிரிக்கவில்லை.

அன்று மதியமே இருவரும் அந்தக் குடியிருப்புக்குப் போனார்கள். நாற்பது தூண்களில் பதினேழாவதற்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தது. அதையும் பிளந்துகொண்டு மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. தங்கை விரலை வைத்தாள். நகம் உள்ளே போனது. பக்கத்தில் ஒருவர் சாவகாசமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடியில் யாரோ பீரோவை இழுத்தார்கள். தூணிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

இருவரும் நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பொறியாளர் குறிப்பேட்டின் தேதிகளையும் அளவுகளையும் பார்த்ததும் எழுந்து அவர்களுடனேயே வந்துவிட்டார். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “யாரும் காரை எடுக்க வேண்டாம். ஆளுங்க மட்டும் வெளிய வரட்டும்.”

இருபத்துமூன்று குடும்பங்கள் கையில் கிடைத்ததோடு தெருவில் நின்றன. எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணி முடிக்கும்போது, கீழேயிருந்து பலகை முறிவது போல ஒரு சத்தம். கட்டடம் நின்றது.

பொறியாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “அந்த ஆறு வாரத்துல வேற எங்கெல்லாம் அளந்தீங்க?”

தங்கை பக்கத்தைப் புரட்டினாள். இன்னும் நான்கு முகவரிகள்; அந்த அறிக்கைகளும் அதே மேற்பார்வையாளரிடம்தான் போயிருந்தன. நான்கிலும் ஆட்கள் குடியிருந்தார்கள்.