எங்க லேப்

"மன்னிக்கவும், இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை" என்ற மின்னஞ்சலை நான் படித்தேன். என் மகள் எனக்கு முன்பே படித்திருந்தாள்.

நானும் விடவில்லை. "ஏன் எடுக்கவில்லை?" என்று பதில் எழுத உட்கார்ந்தேன்.

"அம்மா, சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் மகள். பிறகு இருவருமாக எழுதினோம். நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. உங்கள் முடிவை மதிக்கிறேன். எதில் குறைந்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேன். இனி இடம் வந்தால் என்னையும் நினைவில் வையுங்கள். 'தயவுகூர்ந்து' என்று மூன்று முறை போட்டிருந்தேன். அவள் இரண்டை நீக்கினாள்.

பதினான்கு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் நான். அதை மூடிவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடை. ஆனாலும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பவர்களின் முழங்கை மடிப்புக்குத்தான் என் கண் போகும். 'நல்ல நரம்பு, ஒரே குத்தில் கிடைக்கும்' என்று கை பரபரக்கும்.

பதில் வராது என்றுதான் நினைத்தேன். என்னை நேர்காணல் செய்த புதுப் பரிசோதனைக் கூடத்தின் மேலாளரே போன் செய்தார்.

"மேடம், ரத்தம் எடுக்குறதுல ஒரு குறையும் இல்ல. தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க எது கேட்டாலும் 'எங்க லேப்ல இப்படி, எங்க லேப்ல அப்படி'ன்னே சொன்னீங்க. ரத்தக் குப்பியில ஒட்டுற பார்கோடு பத்திக் கேட்டப்போகூட, 'எங்க லேப்ல கையாலதான் எழுதுவோம்'னீங்க. புது முறைக்கு மாறுவீங்களான்னு எங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

"அது பழக்கம் சார்."

"புரியுது. உங்க பேர எடுத்து வெச்சிருக்கேன். எடம் வந்தா சொல்றேன்."

போனை வைத்ததும் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தைக்கா வேலை போகும்? அன்று பொழுதெல்லாம் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினேன். கடைசியில் அடங்கி உட்கார்ந்தபோது உண்மை தெரிந்தது. எனக்கு வேலை வேண்டியிருந்தது. அதைவிட என் பழைய லேப் வேண்டியிருந்தது. காலையில் நானே ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, மெஷின் சூடாகும் வரை டீ குடிக்கும் அந்த இடம். அதை யார் திருப்பித் தருவார்கள்?

மழைக்காலம் முடிந்தபோது மறுபடி அந்த எண்.

"மேடம், ஒருத்தங்க பிரசவ லீவுல போறாங்க. ஆறு மாசத்துக்கு மட்டும்தான். வர்றீங்களா?"

"வரேன் சார்," என்றேன். "நம்ம லேப் எத்தன மணிக்குத் தெறக்குது?"



"ஏழு மணிக்கு," என்றார். சிரிக்கிறார் என்று குரலில் தெரிந்தது.

வைத்ததும் மகள் கேட்டாள். "'நம்ம லேப்'னு யோசிச்சுச் சொன்னியா, வாய் தவறி வந்துச்சா?"

"தானா வந்துச்சு," என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செல்போன் கடையாகிப் போன என் பழைய லேப்பின் ஷட்டர் ஞாபகத்துக்கு வந்தது. அது அன்றுதான் மூடியது போல அழுதேன்.