வெள்ளிக்கிழமை மீன்குழம்பு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் மெஸ் சனிக்கிழமை மதியம் ஈ ஓட்டியது. காரணம் வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஒரு படம். மீன்குழம்புச் சட்டியில் மிதக்கிற கரப்பான் பூச்சி. ஒன்றில்லை, இரண்டு. ஒன்றின் மீசை கறிவேப்பிலையில் ஒட்டியிருந்தது. படத்தின் கீழே கறுப்புப் பட்டையில் குட்டி மேப், எங்கள் தெருப் பெயர், வெள்ளிக்கிழமை தேதி, மதியம் 12:40. "செல்லத்தாய் மெஸ் லட்சணத்தைப் பாருங்க" என்று மேலே எழுத்து.

செல்லத்தாய் நான்தான். போட்டவன் பக்கத்துச் சந்தில் பரோட்டாக் கடை வைத்திருக்கிற அழகுபாண்டி. என்னை அத்தை என்பான். தினமும் மதியம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஓசியில் மோர் குடிப்பான்.

லாட்ஜ் மேனேஜர் காசிமாயன் தினம் எடுக்கிற சாப்பாட்டை நிறுத்திவிட்டார். அந்த ஆர்டர் போனால் மெஸ்ஸைப் பூட்ட வேண்டியதுதான். சாயங்காலம் வியாபாரிகள் சங்க ரூமுக்கு வரச் சொன்னார்கள். மகள் முனீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனேன். காசிமாயனும் அழகுபாண்டியும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சங்கச் செயலாளர் கண்ணுச்சாமி பல்குத்தியை வாயில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஏத்தா, எடம் போட்டிருக்கு, நேரம் போட்டிருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"வெள்ளிக்கிழமை எங்க கடையில கவுச்சி ஏறாதுண்ணே. இங்க சாப்பிடுற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஏது மீன்?"

காசிமாயன் நிமிர்ந்தார். "அட, ஆமா. நேத்து எனக்குச் சாம்பார்தான வந்துச்சு."

"தனியா வச்சிருப்பாங்க," என்றான் அழகுபாண்டி. "ஜிபிஎஸ் பொய் சொல்லுமா?"

"அது பொய் சொல்லலை மாமா," என்றாள் முனீஸ்வரி. "இப்படி மேப் போடுற ஆப்புல, போன்ல கெடக்குற பழைய படத்தையும் எடுத்து முத்திரை குத்தலாம். அப்ப போன் எங்க நிக்குதோ அந்த எடமும், குத்துற நேரமும்தான் விழும். நேத்து 12:40க்கு நீங்க எங்க இருந்தீக?"

எங்கே இருந்தான்? எங்கள் பெஞ்சில். மோரில் இஞ்சி குறைச்சல் என்று கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒரிஜினலைக் காட்டுங்க," என்றாள் மகள்.

"அழிச்சிட்டேன்."

"சரி." முனீஸ்வரி தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினாள். கறுப்புப் பட்டை முழுக் கறுப்பில்லை, லேசாக ஊடு தெரிகிற கறுப்பு. வெளிச்சம் ஏற ஏற, முகவரி எழுத்துக்குப் பின்னால் வேறு எழுத்துகள் மங்கலாக எழுந்து வந்தன. "இது போன் கேமராவே படம் எடுக்கையில மூலையில போடுறது. போன் வச்சிருக்கவங்க தங்க பேரையும் வச்சுக்கலாம். எத்தனை பேருக்கு அனுப்புனாலும் படத்தோடயே ஒட்டிக்கிட்டுப் போகும். நீங்களே வாசிங்கண்ணே."

கண்ணுச்சாமி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். விக்ரம். அதன் கீழே போன மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் தேதி. ராத்திரி 9:52.

எங்கள் மெஸ் மதியச் சாப்பாட்டோடு சரி. ராத்திரி அடுப்பே கிடையாது. விக்ரம் யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அழகுபாண்டி கடைப் பரோட்டா மாஸ்டர்.

காசிமாயன் உடனே விக்ரமுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தப் படமாண்ணே? ஓனருக்குத்தான் அனுப்புனேன். குழம்பைக் கொட்டிரவான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பூச்சிய எடுத்துப் போட்டுட்டு நல்லாக் கொதிக்க விடுன்னாரு."

கண்ணுச்சாமி பல்குத்தியைத் துப்பினார். ஞாயிறு ராத்திரி தவறாமல் அழகுபாண்டி கடையில் மீன்குழம்பு வாங்கி ஊற்றிச் சாப்பிடுகிறவர் அவர்.

"என்ன மாப்ள இது," என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். வாசலில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

"அத்தை, படத்தை அழிச்சிருறேன். குரூப்புல மட்டும் இதைப் போட்டுறாதீக," என்று அழகுபாண்டி என் பக்கம் வந்தான். அவன் வாயிலிருந்து மோர் வாடை வருகிற மாதிரி இருந்தது. தள்ளி நின்றேன்.

"போட்டாச்சு மாமா," என்றாள் முனீஸ்வரி.

காசிமாயன் கிளம்பும்போது, "நாளையில இருந்து எப்பவும் போல அனுப்புங்கத்தா. மீன் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேணாம். நெனச்சாலே என்னமோ பண்ணுது," என்றார்.

ஆர்டர் திரும்பிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இல்லை. கடைக்கு வந்ததும் அவன் மோர் குடிக்கிற டம்ளரைக் குப்பையில் போட்டேன். பிறகு எங்கள் மீன் சட்டியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மீசை கண்ணில் நின்றது. இன்னொரு தடவை தேய்த்தேன்.