கடலையும் கடலும்

முதுநகர்ப் பள்ளித் தமிழாசிரியை அமராவதி, புணர்ச்சி இலக்கணப் பயிற்சித்தாளைச் சிதம்பரத்தில் சைக்ளோஸ்டைல் படிகள் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு விடையின் கீழும் காரணம் எழுதியிருந்தாள். மணி அடிக்கப் போகும் நேரத்தில், உடன் வேலை பார்க்கும் குணசுந்தரி ஒரு தாளைப் புரட்டினாள்.

“அக்கா, ‘மீனவர் கடலைக் கண்டார்’னு ‘க்’ போட்டிருக்கீங்க. கீழ ‘அமிர்தம் கடலை கொடுத்தாள்’ல ‘க்’ உட்டுப்போச்சே!”

அமராவதி தாளை வாங்கிப் பார்த்தாள். அத்தனை தாளையும் கையால் திருத்த வேண்டுமே! இரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள். பிறகுதான் மூச்சு வந்தது.

“இல்ல குணா, சரியாத்தான் இருக்கு. மேல இருக்கறது கடல். அதோட ‘ஐ’ உருபு வெளிப்படையா சேந்திருக்கு, அதனால ‘க்’ மிகும். கீழ இருக்கறது திங்கற கடலை. அந்த ‘ஐ’ சொல்லுலயே இருக்கு, உருபு மறைஞ்சிருக்கு. அதனால மிகாது. ‘க்’ போட்டா, அமிர்தம் சமுத்திரத்தையே தூக்கிக் கொடுத்ததா ஆயிடும்!”

குணசுந்தரி வாய்விட்டுச் சிரித்தாள். “நல்லவேள, நான் பேனாவ எடுக்கல.”

“காரணத்த இன்னும் வெளக்கமா எழுதியிருக்கணும். உனக்கே சந்தேகம் வருதே.”

“அத வகுப்புல சொல்லிடுங்கக்கா.”

மணி அடித்தது. அமராவதி தாள்களை அள்ளிக்கொண்டு, லேசான மனதோடு வகுப்புக்கு நடந்தாள்.